கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவது: ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட்டின் கதை

என் அக்கா மகள் திண்டுக்கல்லில் எம்.காம். இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். 2026 ஜனவரி 27, செவ்வாய்க்கிழமை ராத்திரி போன் செய்தாள். கடைவீதியில் சிறு வணிகர்கள் யு.பி.ஐ.யை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது அவள் தலைப்பு. அன்றுதான் கைடு அதற்குத் தலையசைத்திருந்தார். ரிப்போர்ட்டை ஒப்படைக்கக் கடைசி நாள் மார்ச் 27, வெள்ளிக்கிழமை, மாலை 4 மணி.

"ரெண்டு மாசம் முழுசா இருக்கு சித்தி. பிப்ரவரி பூரா சர்வே. மார்ச் மொத ரெண்டு வாரம் எழுதிருவேன். கடைசி வாரம் பிரிண்ட், பைண்டிங். அவ்ளோதான்."

நான் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். வருஷா வருஷம் இதே திட்டத்தை ஏழெட்டுப் பிள்ளைகள் வாயால் கேட்கிறேன். திட்டத்தில் வேலைகளின் வரிசை சரியாகத்தான் இருக்கும். எண்ணும் திசைதான் தப்பு. இன்றையிலிருந்து முன்னோக்கி எண்ணினால், முதலில் வரும் வேலை தனக்கு வேண்டிய நாட்களையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. சர்வே ஒரு வாரம் தள்ளிப்போனால் யாருக்கும் வலிக்காது, ஏனென்றால் முன்னால் இன்னும் ஒரு மாதம் காலியாகக் கிடப்பதுபோலத் தெரியும். மிச்சம் மீதிதான் கடைசி வேலைகளுக்கு வரும். அந்தக் கடைசி வேலைகளைப் பாருங்கள்: கைடு படித்துத் தருவது, அடுத்தவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனை, பைண்டிங், துறைத்தலைவர் கையெழுத்து. இவற்றில் ஒன்றுகூட மாணவரின் கையில் இல்லை. ராத்திரி கண்விழித்துச் சரிக்கட்ட முடியாத வேலைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கடைசியில் உட்கார்ந்திருக்கின்றன.

பின்னோக்கித் திட்டமிடுவது என்றால் இந்தத் திசையைத் திருப்புவது. ஒப்படைக்கும் நாளை முதலில் எழுதிவிட்டு, "இதற்கு ஒரு படி முன்னால் என் கையில் என்ன இருந்தாக வேண்டும், எந்தத் தேதியில்?" என்று கேட்பது. வந்த பதிலை வைத்து அதே கேள்வியை மறுபடியும் கேட்பது. கேட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இன்றைய தேதிக்கு வந்து சேர்வோம். சிலசமயம் இன்றையத் தேதியைத் தாண்டி, கடந்த வாரத்துக்கே போய்விடுவோம். அவளுக்கு அதுதான் நடந்தது.

எண்ணத் தொடங்குவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். காலை ஏழு மணிக்கு இட்லி வேண்டும் என்றால் அரிசியை எப்போது ஊறப்போடுவோம்? முந்தின நாள் மதியம். அரைக்கும் வேலை முக்கால் மணி நேரம். ஆனால் ஊற நாலு மணி நேரம், புளிக்க எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. வேலை கொஞ்சம், காத்திருப்பு நிறைய. வேலையை வேகமாகச் செய்யலாம். நாலு பேர் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். காத்திருப்பை யாரும் துரத்த முடியாது. "பைண்டிங் ஒரு மணி நேர வேலைதானே" என்று மாணவர் சொல்வது, மாவு அரைக்கும் நேரத்தை மட்டும் கணக்கில் வைத்து ராத்திரி பத்து மணிக்கு அரிசியை ஊறப்போடுவது மாதிரி. ஆகவே ஒவ்வொரு படிக்கும் இரண்டு எண் வேண்டும்: நான் உட்கார்ந்து செய்ய எத்தனை நாள், அடுத்தவர் கையில் கிடக்க எத்தனை நாள்.

இப்போது மார்ச் 27-லிருந்து இறங்குவோம்.

அன்று மாலை துறை அலுவலகத்தில் மூன்று பைண்டு செய்த பிரதிகள் இருக்க வேண்டும். போனஃபைட் சர்டிஃபிகேட் பக்கத்தில் கைடு, துறைத்தலைவர் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்க வேண்டும். அவள் கல்லூரியில் பைண்டு செய்தபிறகுதான் கையெழுத்து. துறைத்தலைவர் ஒருநாள் தேர்வுப் பணிக்கு வேறு ஊர் போயிருப்பார், ஒருநாள் மீட்டிங்கில் இருப்பார். ஆகவே இரண்டு வேலை நாள். மார்ச் 25, புதன் காலையில் பிரதிகள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

பைண்டிங் கடைக்கு அப்போதே போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு மறுபடி அழைத்தாள். சாதாரண நாளில் ரெக்ஸின் அட்டை போட்டுத் தங்க எழுத்து அடிக்க ஒருநாள் போதுமாம். மார்ச் மூன்றாம் வாரத்தில் எல்லாக் கல்லூரியும் ஒரே நேரத்தில் வருவதால் நாலு நாள். இருபத்தைந்திலிருந்து நாலைக் கழித்து "இருபத்தொண்ணு" என்றாள். காலண்டரை எடுக்கச் சொன்னேன். 22 ஞாயிறு. 21 சனிக்கிழமை ரம்ஜான் விடுமுறை. 19 வியாழன் தெலுங்கு வருடப் பிறப்பு விடுமுறை. கடை திறந்திருக்கும் நாட்களை மட்டும் எண்ணினால் 24, 23, 20, 18. ஆக, மார்ச் 18, புதன் காலையில் தாள்கள் கடைக்குப் போயிருக்க வேண்டும். வெறும் கழித்தல் கணக்கு அவளுக்கு மூன்று நாளைச் சும்மா கொடுத்திருந்தது. கடை பூட்டியிருப்பதைப் பார்த்த அன்றைக்குத்தான் அது இல்லாத மூன்று நாள் என்று தெரிந்திருக்கும்.

இந்தக் கணக்கை விரல்விட்டு எண்ணலாம். எக்செல் பழக்கமிருந்தால் அதுவே எண்ணித் தரும். விடுமுறைத் தேதிகளை ஒரு பத்தியில் எழுதிவிட்டு, இப்படிக் கொடுத்தால் போதும்:

```
=WORKDAY.INTL(B2,-4,11,$H$2:$H$10)
```

B2-இல் இருப்பது பைண்டிங் முடிய வேண்டிய தேதி. கழித்தல் குறியோடு உள்ள 4 என்பது நாலு வேலை நாள் பின்னோக்கி. 11 என்பது ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்று சொல்கிற எண். சனியும் விடுமுறை என்றால் அங்கே 1 போட வேண்டும். கடைக்குச் சனிக்கிழமை வேலை நாள், துறை அலுவலகத்துக்குச் சில வாரம் இல்லை. ஆகவே ஒவ்வொரு படிக்கும் யாருடைய காலண்டர் என்று பார்த்துத்தான் இந்த எண்ணைப் போட வேண்டும். கடைசியில் இருப்பது விடுமுறைப் பட்டியல். பதில் ஐந்து இலக்க எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் சரியாகிவிடும்.

பதினெட்டுக்கு முன்னால், மார்ச் 17 பிரிண்ட். எண்பது பக்கம், மூன்று பிரதி. ஒரு நாள் போதும்.

அதற்கு முன்னால் ஒப்புமைச் சோதனை. முதுகலை ஆய்வேடுகளுக்கும் பொருந்தும் யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி, 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் நடவடிக்கை இல்லை. அதைத் தாண்டி 40 விழுக்காடு வரை போனால் திருத்தி மறுபடி தரச் சொல்வார்கள். நூலகத்தில் கொடுத்தால் முடிவு வர இரண்டு மூன்று நாள். முதல்முறையே பத்துக்குள் வருவது அபூர்வம். ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் முன்னோர் ஆய்வு அத்தியாயத்தில் அடுத்தவர் வாக்கியத்தை அப்படியே எடுத்துவைக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. எனவே ஒரு சோதனை, ஒரு திருத்தம், இன்னொரு சோதனை என்றுதான் கணக்குப் போட வேண்டும். முதல் சோதனைக்குக் கொடுக்கும் நாள் மார்ச் 11, புதன்.

அதற்கு முன் கைடு. அவர் கையில் ஆறு மாணவர்கள், ஆறு ரிப்போர்ட். ஐந்து அத்தியாயங்களையும் ஒன்றாகக் கொடுத்தால் படித்துத் திருப்ப ஒரு வாரம். திருத்த மூன்று நாள். ஆக மார்ச் 2, திங்கள் அன்று முழு வரைவும் அவர் மேசையில் இருக்க வேண்டும்.

இங்கே அவள் சற்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன், போனில் பேச்சு நின்றுவிட்டது. மார்ச் முதல் இரண்டு வாரம் எழுதுவதாக இருந்தவள். எழுதி முடிக்க வேண்டிய நாளோ மார்ச் 1.

இதுவரை எண்ணியது மற்றவர்கள் எடுத்துக்கொள்ளும் நாட்கள். கேட்டால் ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார்கள். இனி வருவது நம் சொந்த வேலை. அங்கேதான் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். நான்காம் அத்தியாயம், அதாவது பகுப்பாய்வும் விளக்கமும், "மூணு நாள்ல முடிச்சிருவேன்" என்றாள்.

இதைப் பற்றி 1994-இல் வந்த ஓர் ஆய்வு இருக்கிறது. பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது இதே போன்ற இறுதியாண்டு மாணவர்களைத்தான், ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்தவர்களை. எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள். 49 நாள் என்றார்கள். நிஜத்தில் சராசரியாக 55 நாளுக்கு மேல் ஆனது. மோசமான நிலைமையைக் கற்பனை செய்து சொன்ன கணக்கைக்கூட நிஜம் தாண்டிவிட்டது. வேலையை நாம் மனதில் ஓட்டிப் பார்க்கும்போது காய்ச்சல் வருவதும், கரண்ட் போவதும், சித்தப்பா பையன் கல்யாணமும் அந்த ஓட்டத்தில் வராது.

இதற்கு ஒரே மருந்து, கற்பனையை விட்டுவிட்டுப் பழைய கணக்கைப் பார்ப்பது. "போன செமஸ்டர்ல அந்த செமினார் பேப்பர் எழுத எத்தனை நாள் நெனச்ச, எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டேன். ரெண்டு நாள் நினைத்து மூன்றரை நாள் ஆனதாம். அந்த விகிதத்தில் மூன்று நாள் அத்தியாயம் ஐந்து நாளைத் தொடும். ஐந்து என்றே எழுதிக்கொண்டோம்.

ஐந்தாம் அத்தியாயமும் மேற்கோள் பட்டியலும் பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை. நான்காம் அத்தியாயம் 22 முதல் 26. அட்டவணை போட 20, 21. விடைகளை எக்செல்லில் ஏற்ற 18, 19. ஆக, கடைசிக் கடைக்காரரிடம் படிவம் வாங்க வேண்டிய நாள் பிப்ரவரி 17, செவ்வாய்.

நூறு கடை பார்ப்பதாக இருந்தாள். கடைக்காரர் உட்கார்ந்து பதில் சொல்லும் நேரம் மதியம் இரண்டரையிலிருந்து நாலரை வரைதான். மற்ற நேரத்தில் வியாபாரம் போகும். ஒரு மதியத்துக்கு ஆறு கடை. நூறு கடைக்குப் பதினேழு மதியம். ஞாயிறும் கல்லூரி டெஸ்ட் நாட்களும் போக மூன்று வாரம், அதாவது ஜனவரி 27-இல் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் கேள்வித்தாள் எழுத, கைடிடம் காட்ட, ஐந்து கடையில் சோதித்துப் பார்க்க, திருத்தி ஜெராக்ஸ் எடுக்க எட்டு நாள். எண்ணிக்கை போய் நின்ற இடம் ஜனவரி 19, திங்கள். பொங்கல் லீவு முடிந்து கல்லூரி திறந்த நாள்.

"அப்போ நான் ஏற்கெனவே லேட்டா சித்தி?"

ஆமாம். மறுநாள் காலை ஆரம்பித்தால் ஒன்பது நாள் லேட். இதை அவள் ஜனவரி 27-லேயே தெரிந்துகொண்டாள். முன்னோக்கி எண்ணியிருந்தால் மார்ச் 18-ஐ ஒட்டித்தான் தெரிந்திருக்கும். ஜனவரியில் தெரிந்தால் எதைக் குறைக்கலாம் என்று யோசிக்க இடம் இருக்கிறது. மார்ச்சில் தெரிந்தால் யாரைக் கெஞ்சலாம் என்றுதான் யோசிக்க முடியும்.

குறைக்கும்போது பல பேர் செய்யும் தவறு, எல்லாப் படியிலிருந்தும் அரை நாள், ஒரு நாள் என்று கிள்ளுவது. பைண்டிங் நாலு நாளை மூன்று ஆக்கினால் கடைக்காரர் வேகமாகத் தைக்கப் போவதில்லை. அது தாளில் மட்டும் நடக்கும் குறைப்பு. வேலையின் அளவையே குறைப்பதுதான் உண்மையான குறைப்பு. அவள் கைடிடம் பேசி நூறு கடையை அறுபதாக்கினாள். பத்து மதியம். பிப்ரவரி 5-இல் தொடங்கினால் 17-இல் முடியும். ஒன்பது நாளும் கிடைத்துவிட்டது.

இது சும்மா வரவில்லை. அவளுடைய பகுப்பாய்வில், இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை இருந்தது. அதில் ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பார்கள். வயதை நாலு பிரிவாகவும் பயன்பாட்டை மூன்று பிரிவாகவும் போட்டால் பன்னிரண்டு கட்டம். அறுபது பேரைப் பங்கிட்டால் சராசரியே ஐந்துதான். பல கட்டங்கள் அதற்குக் கீழே போகும். ஆகவே வயதை நாற்பதுக்குக் கீழ், நாற்பதும் அதற்கு மேலும் என்று இரண்டே பிரிவாக்கினாள். ஆய்வின் நுணுக்கம் கொஞ்சம் போனது. அதை வரம்புகள் என்ற தலைப்பில் அவளே எழுதிவிட்டாள். கைடுக்கு அதில் சங்கடம் ஏதும் இல்லை.

இப்போது சங்கிலி சரியாக இன்றைய தேதிக்கு வந்து நிற்கிறது. ஆனால் இடையில் ஒரு நாள்கூடச் சும்மா இல்லை. ஒரு காய்ச்சல் வந்தால் போதும். எங்கே நாள் பிடிப்பது என்று இன்னொரு முறை பார்த்தோம். அவள் வேலைகளை ஒற்றை வரிசையில் வைத்திருந்தாள், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று. ஆனால் முதல் மூன்று அத்தியாயங்களுக்குச் சர்வே விடைகள் தேவையே இல்லை. அறிமுகம், முன்னோர் ஆய்வு, ஆய்வு முறை: இவற்றைச் சர்வே நடக்கும் நாட்களின் இரவுகளில் எழுதலாம். பிப்ரவரி 16 அன்று கைடிடம் கொடுத்துவிட்டால், கடைசியில் அவர் படிக்க வேண்டியது இரண்டு அத்தியாயம்தான். ஒரு வாரம் நாலு நாளாகும். அதேபோல விடைகளை அன்றன்று ராத்திரியே எக்செல்லில் ஏற்றினால் 18, 19 இரண்டு நாளும் மிச்சம். மேற்கோள் பட்டியலையும் அப்போதே போட்டுவந்தால் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு நாள் மிச்சம். இப்படிச் சேர்த்துப் பார்த்ததில், ஒப்புமைச் சோதனைக்கு மார்ச் 11-க்குப் பதில் மார்ச் 6, வெள்ளியன்றே கொடுத்துவிடலாம் என்று வந்தது. ஐந்து நாள் கையிருப்பு.

அந்த ஐந்து நாளை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாள் கூடுதலாகப் பிரித்துக் கொடுத்தால் அது கரைந்துவிடும். ஐந்து நாள் என்று எழுதிய அத்தியாயத்துக்கு ஆறு நாள் கொடுங்கள், அது ஆறு நாளும் எடுத்துக்கொள்ளும். முழுசாக ஒரே இடத்தில், மார்ச் 6-க்கும் 11-க்கும் நடுவில், யார் பெயரும் எழுதாமல் வைத்தோம். எந்த வேலை தாமதமானாலும் இந்த உண்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்தால் எத்தனை மிச்சம் என்று தெரிய வேண்டும்.

இனி நினைவூட்டல்கள். தேதிகளைக் கண்டுபிடித்துச் சுவரில் ஒட்டிவைத்தால் மூன்றாம் நாள் அது சுவரின் ஒரு பாகமாகிவிடும். ஒவ்வொரு மைல்கல்லும் போனில், அந்த வேலையைச் செய்யக்கூடிய நேரத்தில் ஒலிக்க வேண்டும். அவள் முதலில் போட்டிருந்ததைப் பார்த்தேன்: "அத்தியாயம் 4 கடைசி நாள்", பிப்ரவரி 24, நாள் முழுவதற்குமான நிகழ்வு. இதில் மூன்று கோளாறு.

முதலாவது, அது முடியும் நாளில் ஒலிக்கிறது. அன்று ஒலித்து என்ன பயன்? தொடங்கும் நாளில் ஒலிக்க வேண்டும். இரண்டாவது, நாள் முழுவதற்குமான நிகழ்வுக்கு நேரம் என்று ஒன்று இல்லை. எப்போதோ, பஸ்ஸில் நிற்கும்போதோ தூங்கும்போதோ அறிவிப்பு வரும், விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். மூன்றாவது, "அத்தியாயம் 4" என்பது ஒரு பெயர். அதைப் பார்த்தால் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. தெரியாததைத் தள்ளிப்போடுவது மனித சுபாவம்.

மாற்றி எழுதியது இப்படி: "பிப்ரவரி 20, வெள்ளி, இரவு 7:30. அட்டவணை 4.1 முதல் 4.4 வரை வேர்டில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வரி விளக்கம். எக்செல் ஃபைல் பென் டிரைவில்." வினை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, பொருள் எங்கே என்பதும் இருக்கிறது. முடிந்ததா இல்லையா என்று அவள் அம்மா வந்து பார்த்தால்கூடச் சொல்லிவிடலாம். எனக்கு அதுதான் அளவுகோல்: பக்கத்தில் நிற்கிறவர் பார்த்துச் சொல்ல முடியாதது மைல்கல் அல்ல. "முன்னோர் ஆய்வு படிக்க" என்பது மைல்கல் அல்ல. "எட்டு கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி, என் சொந்த வாக்கியத்தில்" என்பது மைல்கல். சொந்த வாக்கியத்தில் என்று இப்போதே எழுதிவைத்தால் ஒப்புமைச் சோதனையில் கொஞ்சம் விழுக்காடு குறையும்.

அடுத்தவர் கையில் இருக்கும் வேலைக்கு ஒரு நினைவூட்டல் போதாது, இரண்டு வேண்டும். ஒன்று கொடுக்க, ஒன்று நடுவில் கேட்க. "பிப்ரவரி 27, வெள்ளி, காலை 9:45. அத்தியாயம் 4, 5 பிரிண்ட் எடுத்து மேடம் மேசையில். செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கலாமா என்று கேட்க." அப்புறம், "மார்ச் 2, திங்கள், 11 மணி பிரேக். ஸ்டாஃப் ரூம். நாளைக்கு வரலாமா மேடம்?" இந்த இரண்டாவது நினைவூட்டலைப் பிள்ளைகள் போட மாட்டார்கள். கேட்டால் மேடம் கோபித்துக்கொள்வார் என்று பயம். ஆறு ரிப்போர்ட் வைத்திருக்கும் ஓர் ஆசிரியையாகச் சொல்கிறேன்: முந்தின நாளே வந்து மரியாதையாகக் கேட்கிறவரின் ரிப்போர்ட்தான் அன்று ராத்திரி என் பையில் வீட்டுக்கு வரும்.

எத்தனை நினைவூட்டல் வைப்பது? அவள் உற்சாகத்தில் நாற்பத்து மூன்று போட்டாள். அடிக்கடி ஒலிக்கும் போனை யாரும் மதிப்பதில்லை. இருபத்திரண்டாகக் குறைத்தோம். வாரத்துக்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. தினமும் செய்யும் வேலைக்கு, உதாரணமாகக் கடைவீதிக்குப் போவதற்கு, நினைவூட்டல் வேண்டியதில்லை. மதியம் ஆனால் கால் தானாகப் போகும். கை மாறும் இடங்களிலும் புது வேலை தொடங்கும் இடங்களிலும் மட்டும் வைத்தால் போதும்.

இரண்டு நினைவூட்டல்கள் மட்டும் வேறு ரகம். அவை வேலை செய்யச் சொல்லாது, எண்ணிப் பார்க்கச் சொல்லும். ஒன்று: "பிப்ரவரி 11, புதன், இரவு 9. எத்தனை கடை? 30 இருந்தால் சரி. 24-க்குக் கீழ் என்றால் மொத்தம் 50 போதும் என்று மேடத்திடம் நாளைக்கே பேச." என்ன ஆனால் என்ன செய்வது என்பதை அமைதியாக இருக்கும் ஜனவரியிலேயே முடிவு செய்து எழுதிவிட்டோம். பிப்ரவரி 11 அன்று கால் வலியோடு உட்கார்ந்து யோசித்தால் "அடுத்த வாரம் ஒரு நாளைக்குப் பத்து கடை பார்த்துடலாம்" என்றுதான் தோன்றும். இன்னொன்று மார்ச் 4-இல்: உண்டியலில் எத்தனை நாள் மிச்சம்?

ஒரு நினைவூட்டல் தவறிப்போனால் பத்து நிமிஷம் கழித்து, மறுபடி பத்து நிமிஷம் கழித்து என்று தள்ளுவதை நான் தடுத்துவிட்டேன். செய்ய முடியவில்லையா, அதைப் புதுத் தேதிக்கு நகர்த்து; அதற்குப் பின்னால் அதைச் சார்ந்து நிற்பவற்றையும் அத்தனை நாள் நகர்த்து; உண்டியலில் அத்தனை நாளைக் கழி. ஐந்து நிமிஷ வேலை. எல்லாமே நகர வேண்டியதில்லை. முன்னோர் ஆய்வு இரண்டு நாள் தள்ளிப்போனால் சர்வே நகராது, அது வேறு இழை. பிப்ரவரி 16-க்குள் மூன்று அத்தியாயமும் முடிந்தால் போதும். ஆனால் பிப்ரவரி 17 தள்ளினால் அட்டவணையிலிருந்து ஒப்புமைச் சோதனை வரை எல்லாமே தள்ளும். அந்த இழையைத்தான் சிவப்பில் போட்டிருந்தாள்.

இந்த முறை எல்லா வேலைக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுடையது சர்வே, படிகள் என்னவென்று முன்கூட்டியே தெரியும். தலைப்பே இன்னும் முடிவாகாத நிலையில், அல்லது ஒரு கருவியைச் செய்துபார்த்து அது ஓடுமா என்றே தெரியாத நிலையில், கடைசி நாளிலிருந்து தலைப்பு வரை தேதி போடுவது பொய்க்கணக்கு. அங்கே கடைசிப் பாதியை மட்டும், பைண்டிங்கிலிருந்து முழு வரைவு வரைக்கும், பின்னோக்கி எண்ணலாம். முன்பாதிக்கு "இந்தத் தேதிக்குள் இது ஓடவில்லை என்றால் எளிய வடிவத்துக்கு மாறுவேன்" என்று ஒரே ஒரு தேதி போதும்.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பிப்ரவரி 11 இரவு 26 கடை. முப்பதும் இல்லை, இருபத்து நாலுக்குக் கீழும் இல்லை. தொடர்ந்தாள். 17-ஆம் தேதி 53 கடை. இன்னும் ஏழுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். உண்டியலில் ஐந்து இருந்தது, எடுத்துக்கொள் என்றேன். 18-ஆம் தேதி கிடைத்தது நாலு கடைதான். 57-இல் நிறுத்திக்கொண்டாள். நான்காம் அத்தியாயம் ஐந்து நாளுக்குப் பதில் ஆறு நாள் ஆனது. மொத்தத்தில் இரண்டு நாள் போய், ஒப்புமைச் சோதனைக்கு மார்ச் 8-ஆம் தேதி தர வேண்டியதாயிற்று. அது ஞாயிறு, நூலகம் பூட்டியிருக்கும். 9-ஆம் தேதி கொடுத்தாள். உண்டியலில் இரண்டு நாள்.

முதல் சோதனையில் 14 விழுக்காடு. பெரும்பாலும் ஆய்வு முறை அத்தியாயத்தில், புள்ளியியல் சோதனைகளுக்கு வலைத்தளத்திலிருந்து அப்படியே எடுத்த விளக்கங்கள். திருத்திக் கொடுத்ததில் 8. மார்ச் 17 பிரிண்ட், 18 காலை பைண்டிங் கடை. 24 மாலை பிரதிகள் கைக்கு வந்தன. 25-ஆம் தேதி துறைத்தலைவர் லீவு. 26-ஆம் தேதி மதியம் வரை மீட்டிங். மூன்று மணிக்கு அறைக்கு வெளியே நின்று கையெழுத்து வாங்கினாள். அன்றே ஒப்படைத்திருப்பாள், அலுவலகத்தில் சி.டி.யும் கேட்டார்கள். அது எங்கள் சங்கிலியில் இல்லவே இல்லை. சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததாம். நாங்கள் இரண்டு பேரும் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தோம். மறுநாள் காலை ஜெராக்ஸ் கடையில் சி.டி. எழுதி வாங்கி, பதினொன்றரை மணிக்கு ஒப்படைத்தாள்.